“இப்படியே என்னால தொடர முடியாது”: நள்ளிரவில் வந்த ஒற்றை வரிக்கு முதல் பதில் என்ன?

திருப்பூர் கணக்கர்
பிப்ரவரி 11, காலை 6.50

நேற்று முன்தினம் இரவு 11.20 மணிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. பின்னலாடை நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் என் பக்கத்து மேசையில் வேலை பார்த்த தோழி அனுப்பியிருந்தாள். “அக்கா, இப்படியே என்னால தொடர முடியாது.” அவ்வளவுதான், அதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவசரமாகத் தேடி இரண்டு உதவி எண்களை அனுப்பினேன். அவற்றின் கீழே “தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும், தப்பா எந்த முடிவும் எடுத்துடாதே” என்று எழுதினேன். இரண்டு கோடுகளும் நீலமாயின; பதில் வரவில்லை. விடியும் வரை நான் தூங்கவில்லை.

மறுநாள் மதியம் அவளே அழைத்தாள். மறதி நோய் வந்த மாமியாரை அவள் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறாள். பொழுது சாய்ந்ததும் அந்த அம்மா “எங்க வீட்டுக்குப் போகணும்” என்று கதவைத் தட்டத் தொடங்கினால் விடியற்காலை வரை ஓய்வதில்லை. இவள் தாழ்ப்பாளில் ஒரு சிறு மணியைக் கட்டி வைத்து, அது குலுங்கும்போதெல்லாம் எழுந்து ஓடுகிறாள். கணவருக்கு இரவுப்பணி. ஒன்பது நாட்களாகத் தொடர்ந்து இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்றாள். அதன் பிறகு சொன்னதுதான் என்னைக் குத்தியது: “நீங்க என்னன்னு கேப்பீங்கன்னு நினைச்சேன். நம்பரைப் பாத்ததும் போனைக் கவுத்து வெச்சுட்டேன்.”

அவளுக்கு வேண்டியிருந்தது கேள்வி. நான் அனுப்பியது முகவரி. இருந்தாலும் அந்த வரிக்கு வேறு பொருள் இருந்து, நான் எண்ணே அனுப்பாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயமும் எனக்குப் போகவில்லை. இப்படி ஒரு வரி வந்தால் முதலில் என்ன எழுத வேண்டும்?

கரிசல்
பிப்ரவரி 11, காலை 8.15

நீங்கள் செய்ததில் தவறேதும் இல்லை. நான் பதினான்கு பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். எங்களுக்கு அளித்த பயிற்சியிலும் எண்ணைக் கொடுங்கள், உரியவரிடம் ஒப்படையுங்கள் என்றுதான் சொன்னார்கள். நாம் மருத்துவர்கள் அல்லர். நாமே துருவிக் கேட்டு, பாதியில் என்ன சொல்வதென்று தெரியாமல் விழிப்பதைவிடத் தெரிந்தவர்களிடம் விடுவதே மேல். மேலும், சாவைப் பற்றி நாமாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்தவர்கள் ஆவோம். அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

பெருங்குடி நான்காம் மாடி
பிப்ரவரி 11, காலை 9.02

எனக்கும் இது நடந்திருக்கிறது. சென்ற கோடையில் எங்கள் குடியிருப்பின் குழுவில் இரவு பத்து மணிக்கு “இனிமேல் இப்படியே என்னால் இருக்க முடியாது” என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். செயலாளர் லுங்கியோடு மூச்சிரைக்க நின்றார். நான் எழுதியது நான்காவது நாளாக மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாததைப் பற்றி. ஆகவே இத்தகைய செய்திகளை மிகைப்படுத்திக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் “முடியல” என்று சொல்லாதவர் யார்? காய்ச்சலுக்கும் முடியல, மேலாளர் சொன்ன மொக்கை நகைச்சுவைக்கும் முடியல.

தொலைபேசித் தொண்டர்
பிப்ரவரி 11, இரவு 9.40

பன்னிரண்டு ஆண்டுகளாக வாரத்தில் ஒரு மாலை, உதவி அழைப்புகளை எடுக்கும் தன்னார்வலராக இருக்கிறேன். சென்னையில் 1986 முதல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு செய்துவரும் பணியைப் போன்றது. மருத்துவப் பட்டம் எதுவும் எனக்கு இல்லை.

நான்காம் மாடிக்காரர் வேடிக்கையாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த வரியில் “முடியாது” என்ற சொல்லைப் பார்த்துத்தான் எல்லோரும் திடுக்கிடுகிறோம். உண்மையில் பொருள் ஒளிந்திருப்பது “இப்படியே” என்ற சொல்லில். எப்படி? தண்ணீர் வராமலா, தூக்கம் இல்லாமலா, அடி வாங்கிக்கொண்டா, உயிரோடு இருந்துகொண்டா? எழுதியவருக்கு மட்டுமே அது தெரியும். சில வேளைகளில் அவருக்கே தெளிவாகத் தெரியாது. யாராவது கேட்டால் சொல்லும்போதுதான் அது உருப்பெறும். நாம் ஊகித்தால், மிகையாக ஊகித்தாலும் குறைவாக ஊகித்தாலும், அவருடைய “இப்படி” இருக்கும் இடத்தில் நம்முடையதை வைத்துவிடுகிறோம். எண்களை அனுப்பியதும், தண்ணீர்ப் பிரச்சினையாக இருக்கும் என்று விட்டுவிடுவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள்தான்.

ஆகவே முதல் பதில் சிறியதாக இருக்கட்டும். பெயரைச் சொல்லி அழைத்து, அவர் எழுதிய சொல்லையே திருப்பிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி. “பாத்தேன்மா. நான் முழிச்சுத்தான் இருக்கேன். இப்படியே முடியாதுன்னு எழுதியிருக்கியே, என்ன நடக்குது அங்க?” இவ்வளவு போதும். “ஏன்” என்று தொடங்க வேண்டாம். தமிழில் “ஏன்” என்றாலே பாதி விசாரணை, பாதி குற்றச்சாட்டு. “ஏன் இப்படி எல்லாம் பேசுற” என்பது கேள்வியே அல்ல, அதட்டல். அனுப்பிய பிறகு காத்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் எழுதுவதும் நிறுத்துவதுமாகப் பத்து நிமிடம் போகலாம்; அந்த நேரத்தில் நம் பதற்றத்தில் நான்கு செய்திகளைக் கொட்டினால் அவர் எழுதிக்கொண்டிருந்ததை அழித்துவிடுவார்.

கரிசல் அவர்களுக்கு: ஒப்படைக்க வேண்டும் என்பதில் நீங்கள் சரி. யாரும் இன்னொருவருடைய உயிருக்குத் தனி ஆளாகக் காவல் இருக்கக் கூடாது. வரிசையில்தான் வேறுபடுகிறேன். கேட்பதற்கு முன் கொடுத்த எண், “இதை என்னிடம் சொல்லாதே” என்று படும். கேட்ட பிறகு கொடுத்த அதே எண், “இதை நாம் இருவர் மட்டும் சுமக்க வேண்டாம்” என்று படும்.

கேட்பதால் எண்ணம் விதைக்கப்படும் என்பது மட்டும் உண்மையல்ல. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களில் ஒரு பாதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மறுபாதியினரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்குத் துயரமும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டதால் சற்றுத் தணிவே ஏற்பட்டது.

மாலை மழை
பிப்ரவரி 12, காலை 5.30

அப்படி ஒரு வரியை அனுப்பியவள் நான். 2019. ஏழு பேருக்கு அனுப்பினேன் என்று இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஒருவர் கேள்விக்குறி மட்டும் அனுப்பினார். ஒருவர் கைகூப்பும் படம். இருவர் பகவத் கீதையிலிருந்து ஏதோ. என் சித்தி மட்டும் “சாப்பிட்டியா?” என்று கேட்டார். நான் இல்லை என்றேன். “என்ன இருக்கு வீட்ல?” என்றார். தோசை மாவு இருக்கிறது என்றேன். “ரெண்டு ஊத்து, நான் லைன்லயே இருக்கேன்” என்றார். தோசை ஊற்றும்போதுதான் அழுதேன், அழும்போதுதான் சொன்னேன். அவர் “என்ன நடக்குது” என்று அந்தச் சொற்களில் கேட்கவே இல்லை. ஆகவே தொண்டர் சொல்லும் வாக்கியம்தான் ஒரே வழி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. அன்றிரவே என் பெரியப்பா மகன் அழைத்து, சுற்றி வளைக்காமல் “செத்துடணும்னு நினைக்கிறியா?” என்று கேட்டான். கோபம் வந்து வைத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து நானே அவனைத்தான் அழைத்தேன், ஏனென்றால் அவனிடம் மறைக்க எதுவும் மிச்சமில்லை. அந்தக் கேள்வி நல்லதா கெட்டதா என்று கேட்டால் எனக்கு இன்றும் தெரியாது. அந்த இரண்டு மணி நேரத்தில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம்.

தொலைபேசித் தொண்டர்
பிப்ரவரி 12, இரவு 8.10

சித்தி கேட்டது “என்ன நடக்குது” என்பதைவிட நல்ல கேள்வி. என் வாக்கியத்தை வாய்பாடாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதை ஏற்கிறேன்.

பெரியப்பா மகனைப் பற்றி ஒரு சொல். கேள்வி சரிதான், அது வந்த இடம் சற்று முன்னால். உங்கள் “இப்படி” என்னவென்று அவர் கேட்டுவிட்டு அங்கே வந்திருந்தால் கோபம் குறைந்திருக்கலாம். இருந்தாலும் சொற்களை அவர் சரியாகத் தேர்ந்தார். பெரும்பாலோர் செய்தித்தாள் மொழியில் “தப்பான முடிவு எதுவும் எடுக்கலையே?” என்றுதான் கேட்கிறார்கள். அதில் தீர்ப்பும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து “சேச்சே, இல்லைங்க” என்று வந்துவிடும், கேட்டவருக்கு நிம்மதி, சொன்னவருக்குக் கதவு அடைபட்டது. சாவு என்ற சொல்லை நாம் சொன்னால்தான் அவராலும் சொல்ல முடியும்.

பெருங்குடி நான்காம் மாடி
பிப்ரவரி 12, இரவு 8.44

நேற்று நான் இழையின் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். தண்ணீர் கதையை நீக்கலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். செயலாளர் கதவு திறந்ததும் கேட்டது, “சார், என்ன சார் ஆச்சு?” என்பதுதான். அதன் பிறகு நான் அவரோடு சண்டை போடவில்லை. தண்ணீர் இன்னும் சரியாக ஏறுவதில்லை.

திருப்பூர் கணக்கர்
பிப்ரவரி 13, காலை 7.05

முதலில் ஒரு திருத்தம். மறுநாள் மதியம் அவளே அழைத்தாள் என்று எழுதியிருந்தேன். பார்த்தால் அதற்கு முன் காலை எட்டு மணிக்கு எனக்கு ஒரு தவறிய அழைப்பு இருக்கிறது. இரவெல்லாம் விழித்திருந்த நான் அப்போது அயர்ந்துவிட்டேன். இரண்டு முறை கதவு தட்டியிருக்கிறாள்.

நேற்று இரவு பத்தரைக்கு நான் அழைத்தேன். மாமியார் சற்றுக் கண்ணயர்ந்திருந்ததால் வெளிப்படியில் உட்கார்ந்து பேசினாள். “அன்னைக்கு நான் கேக்காம விட்டுட்டேன். அந்த ‘இப்படி’ன்னா என்னம்மா?” என்றேன். நாற்பது நிமிடம் அவள்தான் பேசினாள். தூக்கம் மட்டும் அல்ல. மாமியார் இவளை வீட்டு வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டு, நகையைத் திருடியதாகத் தெருவில் நின்று சொல்லியிருக்கிறார். கணவரிடம் சொன்னால் “நோயாளி சொல்றதுக்கெல்லாம்” என்கிறார். நான் வழியில் மூன்று இடங்களில் தீர்வு சொல்ல வாயெடுத்தேன், ஒரு பகல்நேரக் காப்பகத்தின் பெயர்கூட நாக்கு நுனியில் இருந்தது, விழுங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் சொன்னாள்: “ஒரு நாள் தூங்கி எந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுதுக்கா.” என் வாயில் வந்தது “அப்படியெல்லாம் பேசாதே” என்பதுதான். அதை நிறுத்திவிட்டு, “செத்துப் போகணும்னு தோணுதாம்மா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. உள்ளே மணி ஒருமுறை குலுங்கி ஓய்ந்தது. “சில சமயம்” என்றாள். “எப்படின்னு யோசிச்சிருக்கியா?” என்றேன். இல்லை என்றாள். “செய்ய மாட்டேன்கா. பையனுக்குப் பிளஸ் டூ பரீட்சை இருக்கு.”

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டாள். அந்த வாக்குறுதியை நான் தரவில்லை. யாரிடம் சொல்லலாம் என்று நீயே சொல் என்றேன். கணவரின் தங்கை பெயரைச் சொன்னாள். அவர் சனிக்கிழமை வந்து மூன்று இரவுகள் தங்குகிறார். இன்று மதியம் நாங்கள் இருவரும் சேர்ந்தே 14416-ஐ அழைக்கப் போகிறோம். அன்று அனுப்பிய அதே எண்தான். இன்று அவள் மறுக்கவில்லை.

கரிசல்
பிப்ரவரி 13, காலை 11.20

நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதியை விடமாட்டேன். இவர் தோழி பதில் சொன்னார். சொல்லாதவர்களை என்ன செய்வது? வெதுவெதுப்பாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு, காத்திருக்கிறோம் என்ற பெயரில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தால்?

தொலைபேசித் தொண்டர்
பிப்ரவரி 13, இரவு 9.15

நியாயமான கேள்வி. முதலில் கேட்பது என்பது செய்தி தெளிவில்லாமல் இருக்கும்போது மட்டும்தான். விடைபெறும் தொனி இருந்தால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுப்பு ஒப்படைத்தால், எதையாவது செய்துவிட்டதாகவோ கையில் வைத்திருப்பதாகவோ சொன்னால், அங்கே கேட்க வேண்டியது “எங்க இருக்கே, கூட யார் இருக்கா” என்பது மட்டும். ஒருவர் பேச்சைத் தொடர, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். பூச்சிமருந்து, மாத்திரை எதுவாக இருந்தாலும் “கொஞ்சம்தான்” என்ற சொல்லை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பார்க்க நன்றாக இருப்பவர்கூட மணிக்கணக்கில் கழித்து மோசமாவார்.

பதிலே வராவிட்டால் செய்தியை விட்டுவிட்டு அழைக்க வேண்டும். எடுக்காவிட்டால் அருகில் இருப்பவர் ஒருவரை நேரில் போகச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்று என்னைக் கேட்டால், நான் அரை மணி நேரத்துக்கு மேல் பொறுக்க மாட்டேன். சக தொண்டர்கள் சிலர் அதுவே அதிகம் என்பார்கள். யாரை அனுப்புவது என்பதில் கவனம் வேண்டும். நம் கை தானாகக் கணவருக்கோ தந்தைக்கோ போகும். “இப்படி” என்பதே அந்த ஆளாக இருக்கலாம். அது தெரியாதபோது பக்கத்து வீட்டு அம்மாள் மேல்.

கணக்கர் அவர்களுக்கு ஒன்று. நீங்கள் கேட்டது மிகச் சரி. ஆனால் தோழியின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். “பையனுக்குப் பரீட்சை இருக்கு” என்பது அவரைப் பிடித்து வைத்திருக்கும் கயிறு, நல்ல கயிறு. ஆனால் அதற்கு ஒரு தேதி உண்டு. பரீட்சை முடியும் நாளை உங்கள் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

வடமராட்சி
பிப்ரவரி 14, காலை 6.12

எங்கள் பக்கத்தில் இந்த வரி “இனி என்னால ஏலாது” என்று வரும். “ஏலாமக் கிடக்கு” என்றால் உடம்பு சுகமில்லை என்றும் எடுத்துக்கொள்வோம். அம்மம்மாமார் அதைச் சொன்னால் வீட்டில் கோடாலித் தைலத்தைத் தேடுவார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். இலங்கையில் இருப்பவர்கள் 1926-ஐ அழைக்கலாம் என்பதையும் பதிந்துவைக்கிறேன்.

திருப்பூர் கணக்கர்
பிப்ரவரி 21, மாலை 4.30

தேதியைப் பற்றித் தொண்டர் எழுதியதைப் படித்த அன்று எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்த வாக்கியத்தைக் கேட்டபோது நான் நிம்மதி அடைந்தேன், அதுதான் உண்மை.

நடந்தவை: 14416-இல் பேசிய பெண் இருபத்தைந்து நிமிடம் தமிழில் பேசினார், முதலில் அவரும் என்ன நடக்கிறது என்றுதான் கேட்டார். மாமியாரையும் இவளையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மாமியாரின் இரவுக் குழப்பம் மூன்று வாரத்துக்குள் திடீரென்று கூடியதைக் கேட்ட மருத்துவர், முதலில் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். கிருமித் தொற்று இருந்தது. வயதானவர்களுக்கு அதுவே புத்தியைக் குழப்பிவிடுமாம். மருந்து தொடங்கி ஐந்து நாளாகிறது. கதவைத் தட்டுவது நிற்கவில்லை, ஆனால் இரவு ஒரு மணிக்கெல்லாம் ஓய்ந்துவிடுகிறார். இவளுக்கும் தனியாக மனநல மருத்துவர் நேரம் ஒதுக்கினார். அதில் பேசியது என்னவென்று நான் கேட்கவில்லை. நாத்தனார் மூன்று இரவுகள் என்று வந்தவர் இன்னும் இருக்கிறார், இரண்டாம் நாள் இரவிலேயே தன் அண்ணனோடு பெரிய சண்டை போட்டிருக்கிறார்.

மாலை மழை
பிப்ரவரி 21, இரவு 11.50

நாத்தனார்களுக்கு முதன்முறையாகக் கைதட்டுகிறேன்.

தொண்டர் சொன்னதை நானும் யோசித்தேன். 2019-இல் என் கயிறு, அடுத்த மாதம் வரவிருந்த தம்பி திருமணம். திருமணம் முடிந்த மறுநாள் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தொலைபேசித் தொண்டர்
பிப்ரவரி 22, காலை 6.20

இப்போது எப்படி இருக்கிறீர்கள்?

மாலை மழை
பிப்ரவரி 22, காலை 6.41

நன்றாக இருக்கிறேன். பொய்யில்லை. கேட்டதற்கு நன்றி.

திருப்பூர் கணக்கர்
மார்ச் 28, இரவு 10.15

பரீட்சை முடிந்து மூன்று நாளாகிறது. குறித்து வைத்திருந்தபடி இன்று அவள் வீட்டுக்கே போனேன். மாமியார் என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டு, மழை வருமுன் வடகத்தை எடுத்துவை என்றார்; வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எடுத்து வைப்பதாகச் சொன்னேன். தாழ்ப்பாளில் மணி இன்னும் இருக்கிறது.

காப்பி குடித்து முடிக்கும் வரை எனக்கு வாய் வரவில்லை. பிறகு கேட்டேன்: “அன்னைக்குச் சொன்னியே, செத்துடலாம்னு சில சமயம் தோணுதுன்னு. இப்ப எப்படிம்மா?” அவள் என்னைப் பார்த்துவிட்டு, “பரீட்சை முடியட்டும்னு தேதி வெச்சுக் கேக்க வந்தீங்களாக்கா?” என்று சிரித்தாள். ஆமாம் என்றேன். “இந்த வாரம் தோணலை. போன வாரம் ஒரு ராத்திரி தோணுச்சு. நாத்தனாரை எழுப்பினேன்” என்றாள்.

மருத்துவரிடம் அந்த இரவைச் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அடுத்த நேரம். நானும் கூட வருகிறேன் என்றேன். காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன்.